கையெழுத்துக்கு முன் அவகாசம்: பணி முடிப்பு ஒப்பந்தம் கைக்கு வந்தால் எச்.ஆருக்கு எழுத வேண்டிய கடிதம்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர்களில் தமிழ் பேசுபவர்கள் ஏராளம். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பக்கத்திலிருந்து வருகிறார்கள். வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் கந்தேகவுண்டன்சாவடி, எட்டிமடையிலிருந்து தினமும் எல்லை தாண்டி வந்து போகிறவர்களும் உண்டு. நிறுவனம் ஆட்களைக் குறைக்கும்போது இவர்கள் கையில் கொடுக்கப்படும் தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. நான்கைந்து பக்கங்கள், நடுவில் தடித்த எழுத்தில் ஒரு தொகை. அதற்குப் பின்னால் எங்கோ ஒரு பத்தியில், இந்தத் தொகையைப் பெற்றுக்கொண்டபின் நிறுவனத்தின் மீது எந்தக் கோரிக்கையும் வைக்கமாட்டேன், எந்த அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் போகமாட்டேன் என்று எழுதியிருக்கும். "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால்தான் இந்தத் தொகை" என்று சொல்லப்படுவதும் வழக்கம்.

அந்த நாளில் தொழிலாளி எழுத வேண்டிய ஒரே ஒரு கடிதத்தைப் பற்றியது இந்த வழிகாட்டி. படித்துப் பார்க்க அவகாசம் கேட்கும் கடிதம் அது. கேட்டால் நிறுவனம் கொஞ்ச நாள் கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். கொடுக்காவிட்டாலும் கடிதத்துக்குப் பயன் உண்டு. நீங்கள் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை, புரிந்துகொள்ள நேரம் கேட்டீர்கள் என்பது தேதியுடன் பதிவாகிவிடுகிறது. பின்னாளில் தொழிலாளர் அலுவலர் முன்னால் உட்காரும்போது இந்தப் பதிவு இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

முதலில் சட்டத்தின் நிலை. பணி முடிப்பு ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க இத்தனை நாள் தர வேண்டும் என்று இந்தியச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. சில ஒப்பந்தங்களில் 21 நாள் அவகாசம், கையெழுத்திட்டபின் 7 நாளுக்குள் திரும்பப் பெறும் உரிமை என்று எழுதியிருக்கும். அது அமெரிக்காவில் 40 வயதைத் தாண்டிய ஊழியர்களுக்காக 1990இல் வந்த சட்டத்தின் வாசகம். தாய் நிறுவனம் அமெரிக்காவில் இருந்தால் அங்கிருந்து வந்த மாதிரிப் படிவத்தில் அது அப்படியே தங்கிவிடுகிறது. உங்கள் தாளில் அப்படி ஒரு வரி இருந்தால் அது உங்களுக்கு நல்லது. நிறுவனமே எழுத்தில் கொடுத்த அவகாசம் என்று அதை எடுத்துக்காட்டலாம். இல்லாவிட்டால், அவகாசம் என்பது நீங்கள் கேட்டுப் பெற வேண்டிய ஒன்று.

அறையில் இருக்கும்போது

கடிதத்துக்கு முன் நடப்பது அந்த அறையில். அங்கே வாதாட வேண்டியதில்லை. "சார், இது ஆங்கிலத்தில் இருக்கிறது. வீட்டில் வைத்துப் படித்துவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன், ஒரு நகல் கொடுங்கள்" என்று சொன்னால் போதும். நகல் தர மறுத்தால், ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். அதையும் மறுத்தால், மறுத்தார்கள் என்பதையே கடிதத்தில் எழுதப் போகிறீர்கள்.

நகல் கொடுத்ததற்கு ஒப்புதலாகக் கையெழுத்துக் கேட்டால் போடலாம். ஆனால் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையால் தமிழிலேயே இப்படி எழுதுங்கள்: "நகல் மட்டும் பெற்றுக்கொண்டேன். உள்ளடக்கத்துக்கு இது ஒப்புதல் அல்ல." தேதியும் நேரமும் போடுங்கள். வெற்றுத் தாளிலோ, தொகை நிரப்பப்படாத ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியோ கையெழுத்துக் கேட்டால் கண்டிப்பாக மறுக்க வேண்டும். ராஜினாமாக் கடிதம் ஒன்றைத் தனியாக நீட்டினாலும் அப்படியே. அதன் காரணத்தைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் தாள்களிலேயே மிகவும் விலை கொடுக்க வைப்பது அதுதான்.

கடிதம்

அன்று மாலையே அனுப்ப வேண்டும். இரண்டு நாள் கழித்து அனுப்பினால், அதற்குள் நீங்கள் சம்மதித்துவிட்டதாகவோ, வேலைக்கு வராமல் நின்றுவிட்டதாகவோ வேறொரு கதை உருவாகிவிடும்.

கணக்கு விளங்குவதற்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். செல்வி, கொழிஞ்சாம்பாறைக்காரர். கஞ்சிக்கோட்டில் சுமார் 180 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் 7 ஆண்டு 8 மாதம் வேலை செய்திருக்கிறார். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 22,000 ரூபாய். ஜூன் 8, திங்கட்கிழமை அவரை அழைத்து ஐந்து பக்க ஒப்பந்தத்தைக் கொடுத்து, மொத்தம் 2,30,000 ரூபாய் தருவதாகவும் புதன்கிழமைக்குள் கையெழுத்திட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அவர் எழுத வேண்டியது இப்படி இருக்கலாம்:

பொருள்: பணி முடிப்பு ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க அவகாசம் கோருதல்

மதிப்பிற்குரிய மனிதவள மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இன்று, ஜூன் 8, திங்கட்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தங்கள் அறையில் எனக்கு ஐந்து பக்கங்கள் கொண்ட பணி முடிப்பு ஒப்பந்தம் தரப்பட்டது. நகலைப் பெற்றுக்கொண்டேன். ஜூன் 10க்குள் கையெழுத்திட வேண்டும் என்று வாய்மொழியாகத் தெரிவித்தீர்கள்.

ஒப்பந்தத்தின் 7ஆம் பத்தியில், நிறுவனத்தின் மீது எனக்குள்ள எல்லாக் கோரிக்கைகளையும் நான் கைவிடுவதாக எழுதப்பட்டுள்ளது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் உள்ளது. அதைத் தமிழில் விளக்கிக் கேட்கவும் சட்ட ஆலோசனை பெறவும் எனக்கு நேரம் தேவை. ஜூன் 19, வெள்ளிக்கிழமை மாலை 5 மணி வரை அவகாசம் தருமாறும், தங்கள் முன்மொழிவு அதுவரை நடப்பில் இருக்கும் என்பதை எழுத்தில் உறுதிசெய்யுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

ஒப்பந்தத்தில் உள்ள 2,30,000 ரூபாயில் பணிக்கொடை, முன்னறிவிப்புக் காலச் சம்பளம், ஆட்குறைப்பு இழப்பீடு, எஞ்சிய விடுப்புக்கான ஊதியம் ஆகிய ஒவ்வொன்றும் எவ்வளவு என்ற கணக்கையும் தர வேண்டுகிறேன்.

இந்தக் கடிதம் ஒப்பந்தத்தை நான் ஏற்றதாகவோ மறுத்ததாகவோ ஆகாது. சட்டப்படி எனக்குச் சேர வேண்டிய தொகைகளை இதன் பொருட்டு நிறுத்திவைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வேலைக்கு வர வேண்டாம் என்ற எழுத்து உத்தரவு எதுவும் எனக்குத் தரப்படவில்லை. நாளை வழக்கம்போல் முதல் ஷிப்டுக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
செல்வி, பேக்கிங் பிரிவு, பணியாளர் எண், செல்பேசி எண்

இவ்வளவுதான். ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ மாற்றி எழுதுகிறவர்கள் பத்திகளின் வரிசையை மாற்ற வேண்டாம். தமிழிலேயே அனுப்பினாலும் செல்லும், பாலக்காட்டு எச்.ஆர். அறைகளில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது பெரும்பாலும் இருப்பார்.

ஏன் இந்த வாசகங்கள்

முதல் பத்தி நடந்ததை மட்டும் சொல்கிறது. தேதி, நேரம், எத்தனை பக்கம், யார் என்ன கெடு சொன்னார். எச்.ஆர். இதற்கு மறுப்பு எழுதாவிட்டால், வாய்மொழியாகச் சொன்ன இரண்டு நாள் கெடு எழுத்தில் நிலைபெற்றுவிடுகிறது. நிர்ப்பந்தப்படுத்தினார்கள், மிரட்டினார்கள் போன்ற சொற்கள் இங்கே வேண்டாம். ஐந்து பக்கம், ஆங்கிலம், இரண்டு நாள் என்ற விவரங்களே அதைச் சொல்லிவிடும். 2008இல் உச்ச நீதிமன்றம், ஒரு காப்பீட்டு நிறுவனம் தொடர்பான வழக்கில், முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன் என்ற ரசீது வற்புறுத்தலால் வாங்கப்பட்டிருந்தால் அது கோரிக்கையை அடைக்காது என்று சொன்னது. மனமொப்பிக் கொடுத்திருந்தால் கணக்கு அத்துடன் முடிந்தது என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே கேள்வி எப்போதும், அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதைக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது என்பதுதான்.

இரண்டாம் பத்தியில் ஒரு குறிப்பிட்ட நாள் இருப்பதைக் கவனியுங்கள். "கொஞ்சம் டைம் கொடுங்கள்" என்று எழுதினால், நாளைக் காலை வரை என்று பதில் வரும். மாதக்கணக்கில் கேட்டால் மறுப்பது எளிது. ஏழு முதல் பத்து வேலைநாட்கள் கேட்பது நியாயமாகத் தெரியும், அதற்குள் செய்ய வேண்டியதைச் செய்து முடிக்கவும் முடியும். காரணங்களும் இரண்டே: மொழி, சட்ட ஆலோசனை. குடும்பச் சூழ்நிலை, மனக்கஷ்டம் எல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் இந்தக் கடிதத்தில் அவை இடத்தை அடைத்துக்கொள்ளும். மொழிக் காரணத்துக்குத் தனி மதிப்பு உண்டு. ஒப்பந்தத்தின் கடைசியில் "முழுவதையும் படித்துப் புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்" என்ற வரி ஏறத்தாழ எப்போதும் இருக்கும். எல்லைப் பகுதித் தமிழருக்கு ஆங்கிலத் தாளில் அந்த வரி உண்மையா என்ற கேள்வியை இந்தக் கடிதம் முன்கூட்டியே எழுப்பிவைக்கிறது.

மூன்றாம் பத்தியில் கணக்கு கேட்கிறோம், கூடுதல் பணம் கேட்கவில்லை. இந்த வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஒரு முன்மொழிவை ஏற்றுக்கொள்ளும் முன் அதைக் கொடுத்தவர் திரும்பப் பெறலாம். அதைப் பெற்றவர் "இன்னும் ஒரு லட்சம் கொடுத்தால் கையெழுத்திடுகிறேன்" என்று பதில் எழுதினால், அது புதிய முன்மொழிவாகி, பழையதை மறுத்ததாகவும் எடுத்துக்கொள்ளப்படலாம். பேரம் பேசும் நாள் பிறகு வரும், கணக்கு கைக்கு வந்தபின். முதல் கடிதத்தில் தொகை எதையும் கேட்க வேண்டாம்.

கடைசிப் பத்தியில் வேலைக்கு வருகிறேன் என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இது சின்ன வரி, ஆனால் பெரிய ஓட்டையை அடைக்கிறது. "வீட்டில் இருந்து யோசித்துவிட்டு வாருங்கள்" என்று வாய்மொழியாக அனுப்பிவிட்டு, பத்து நாள் கழித்துத் தகவலின்றி வேலைக்கு வரவில்லை என்று நோட்டீஸ் அனுப்புவது நடக்கிறது. எழுதிவிட்டு, மறுநாள் உண்மையிலேயே போங்கள். கேட்டில் தடுத்தால், அன்றே இரண்டு வரி அனுப்புங்கள்: இத்தனை மணிக்கு வந்தேன், பாதுகாவலர் உள்ளே விடவில்லை.

அனுப்பும் வழியும் முக்கியம். சொந்த மின்னஞ்சலிலிருந்து அனுப்புங்கள். நிறுவன மின்னஞ்சல் அன்று இரவே முடக்கப்படலாம். முடக்கப்பட்டால் உங்கள் கடிதமும் அதற்குள் போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பி.டி.எஃப்.ஆக அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததைக் காட்டும் திரையைப் படமெடுத்து வையுங்கள். இரண்டும் கைவராதவர்கள் கையால் எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம். இந்தச் சமயத்தில் உங்கள் சொந்தத் தாள்களான நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வருகைப் பதிவு, பி.எஃப். பாஸ்புக் ஆகியவற்றை எடுத்து வைக்கலாம். வாடிக்கையாளர் பட்டியல், உற்பத்தி விவரம் போன்ற நிறுவனத் தாள்களைத் தொடக்கூடாது. அதை வைத்து உங்கள் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தால் மொத்தப் பேச்சும் திசை மாறிவிடும்.

எச்.ஆர். என்ன பதில் சொல்லும்

எழுத்தில் அவகாசம் தந்தால் நன்றி சொல்லி ஒரு வரி எழுதுங்கள். பதிலே இல்லை என்றால், கெடு முடியும் நாளில், செல்வியின் விஷயத்தில் ஜூன் 10 அன்று, முதல் கடிதத்தைக் குறிப்பிட்டு, "பதில் கிடைக்கவில்லை; என் கோரிக்கை நீடிக்கிறது; நான் ஒப்பந்தத்தை மறுக்கவில்லை" என்று எழுதுங்கள். மௌனமாக இருந்துவிடக்கூடாது.

சிரமமானது மூன்றாவது பதில்: தொலைபேசியில் அழைத்து, "கையெழுத்துப் போடாவிட்டால் சம்பளமும் வராது, ரிலீவிங் கடிதமும் வராது" என்பது. சம்பளத்தைப் பொறுத்தவரை இது சட்டத்துக்குப் பொருந்தாத பேச்சு. ஊதியச் சட்டத் தொகுப்புப்படி, வேலையிலிருந்து நீக்கினாலும், ஆட்குறைப்புச் செய்தாலும், ராஜினாமா செய்தாலும் இரண்டு வேலைநாட்களுக்குள் ஊதியத்தைக் கொடுத்தாக வேண்டும். பணிக்கொடையை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் வட்டியுடன். எந்தக் கையெழுத்தையும் இவற்றுக்கு நிபந்தனையாக்க முடியாது. அப்படி அழைப்பு வந்தால், பேசி முடித்த அரைமணி நேரத்துக்குள் எழுதுங்கள்: "இன்று காலை 11 மணிக்குத் தொலைபேசியில், ஒப்பந்தத்தில் கையெழுத்திடாவிட்டால் சம்பளம் தரப்படாது என்று தெரிவித்தீர்கள். நான் புரிந்துகொண்டது சரியா என்று எழுத்தில் தெரிவிக்கவும்." பெரும்பாலான மேலாளர்கள் தொலைபேசியில் சொன்னதை எழுத்தில் சொல்லமாட்டார்கள். அவர்கள் பின்வாங்குவதும் அங்கேதான் தொடங்கும்.

கிடைத்த நாட்களில் போட வேண்டிய கணக்கு

அவகாசம் எதற்கு என்பதைச் செல்வியின் கணக்கே காட்டும். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. ஆட்குறைப்புக்கான அடிப்படைக் கணக்கு மட்டும் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் இருந்தபடியே தொடர்கிறது: ஒரு மாத முன்னறிவிப்பு அல்லது அதற்கான சம்பளம், ஒவ்வோர் ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதிக் காலம் முழு ஆண்டாகும். எனவே செல்வியின் 7 ஆண்டு 8 மாதம், 8 ஆண்டு.

ஆட்குறைப்பு இழப்பீட்டில் 15 நாள் என்பது மாதச் சம்பளத்தில் பாதி. 11,000 ரூபாயை 8ஆல் பெருக்கினால் 88,000. முன்னறிவிப்புக்கு 22,000. பணிக்கொடைக்கு வகுக்கும் எண் 26. 22,000ஐ 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்கினால் ஓர் ஆண்டுக்கு 12,692 வரும். 8 ஆண்டுக்கு 1,01,538. அவருக்கு 16 நாள் ஈட்டிய விடுப்பு மீதமிருந்தால், நாளொன்றுக்கு 846 ரூபாய் வீதம் இன்னும் 13,538. நான்கையும் கூட்டினால் 2,25,076 ரூபாய்.

நிறுவனம் தருவதாகச் சொன்னது 2,30,000. அதாவது, கையெழுத்தே போடாமல் சட்டப்படி வர வேண்டிய தொகைக்கு மேல் 5,000 ரூபாய்கூட இல்லை. இன்னொன்றும் உண்டு. ஆட்குறைப்பு என்றால் நிறுவனம், அந்தத் தொழிலாளியின் 15 நாள் ஊதியத்தை மறுதிறன் நிதி என்ற அரசு நிதிக்குச் செலுத்த வேண்டும். அங்கிருந்து 45 நாளுக்குள் தொழிலாளியின் கணக்குக்கு அது வர வேண்டும். அந்த 11,000 ரூபாயையும் சேர்த்தால், செல்விக்குச் சொல்லப்பட்ட பெருந்தொகை அவருக்குச் சேர வேண்டியதைவிடக் குறைவு. தடித்த எழுத்தில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. இதற்காகத்தான் கடிதத்தில் கணக்கைப் பிரித்துக் கேட்டோம்.

அடுத்து பார்க்க வேண்டியது, வேலை எப்படி முடிகிறது என்று தாளில் எழுதியிருக்கும் வரி. ஆட்குறைப்பு என்றா, "தாமாகவே விலகுகிறார்" என்றா? மேலே கணக்கிட்ட 88,000 ரூபாயும், முன்னறிவிப்பும், மறுதிறன் நிதியும் ஆட்குறைப்புக்கு உரியவை. தாமாக விலகுவதைச் சட்டம் ஆட்குறைப்பு என்று கொள்வதில்லை. ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திட்ட பிறகு எஞ்சுவது பணிக்கொடையும் விடுப்பு ஊதியமும் அந்த மாதச் சம்பளமும், ஒப்பந்தத்தில் நிறுவனம் எதைத் தருவதாக எழுதியிருக்கிறதோ அதுவும்தான். என்னிடம் தாளோடு வருபவர்களிடம் நான் முதலில் தேடுவது தொகையை அல்ல, இந்த வரியை. 300 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தொழிற்சாலை என்றால் கூடுதலாக ஒரு காரணமும் இருக்கிறது. அந்த அளவுள்ள இடங்களில் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி தேவை. எல்லோரிடமும் ராஜினாமா வாங்கிவிட்டால் அனுமதி கேட்க வேண்டியிருக்காது.

கைவிடும் பத்தியால் எதை உண்மையில் கைவிட முடியும் என்பது மூன்றாவது கேள்வி. பணிக்கொடையை ஒப்பந்தத்தால் குறைக்க முடியாது; 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது. பி.எஃப். பணம் உங்கள் கணக்கில் இருப்பது, நிறுவனம் விட்டுக்கொடுக்கச் சொல்லக்கூடியது அல்ல. நீதிமன்றத்துக்கே போகமாட்டேன் என்று ஒருவரை அடியோடு கட்டிப்போடும் வாசகம் ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி செல்லாது. ஆனால், நீக்கியது சரியா, ஓவர்டைம் பாக்கி எவ்வளவு, இழப்பீடு எவ்வளவு என்று இரு தரப்புக்கும் வழக்கு இருக்கும் விஷயங்களை ஒரு தொகைக்குப் பேசி முடித்துக்கொள்வது செல்லும். சட்டம் காப்பாற்றிவிடும் என்று நம்பிக் கையெழுத்திடுவது ஆபத்து. அதற்குப் பின் அது கட்டாயத்தில் போட்டது என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும்.

இங்கே ஓர் எல்லையைச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்ன ஆட்குறைப்புப் பாதுகாப்புகள் தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு. நிர்வாகப் பணியில் இருப்பவர்கள், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்கள் அதற்குள் வரமாட்டார்கள். சம்பளம் எவ்வளவானாலும் பேக்கிங் வேலையை நேரில் செய்யும் செல்வி வருவார். பதவியின் பெயர் சூப்பர்வைசர் என்று இருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அன்றாடம் என்ன வேலை செய்தீர்கள் என்பதே பார்க்கப்படும். வரையறைக்கு வெளியே உள்ளவர்களுக்கு நியமனக் கடிதத்தில் உள்ள நோட்டீஸ் காலமும் பணிக்கொடையும்தான் பிடி. கடிதம் அவர்களுக்கும் அதேதான், ஆட்குறைப்பு இழப்பீடு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட வேண்டும்.

யாரிடம் காட்டுவது

சங்கம் இருந்தால் முதலில் சங்கம். இல்லாவிட்டால், வக்கீல் கட்டணத்துக்கு அஞ்சி யாரிடமும் காட்டாமல் இருக்க வேண்டாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தரச் சொல்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் பாலக்காட்டில் இருக்கிறது. தாலுகா அளவிலும் குழுக்கள் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். போகும்போது ஒப்பந்த நகல், கடிதம், மூன்று மாதச் சம்பளச் சீட்டு, நியமனக் கடிதம் ஆகிய நான்கும் கையில் இருந்தால் ஒரே அமர்வில் விடை கிடைக்கும்.

எல்லை தாண்டி வேலைக்கு வருபவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. வீடு கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தாலும், வேலையிடம் கஞ்சிக்கோடு என்றால் தொழிலாளர் துறை கேரளத்தினுடையது. பாலக்காட்டு மாவட்டத் தொழிலாளர் அலுவலரிடம்தான் போக வேண்டும். மனுவைத் தமிழில் கொடுக்கலாமா என்று தயங்குகிறார்கள். குறை தீர்க்கக் கோரும் மனுவை, ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கலாம் என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தில் "வழக்குகள் பெங்களூரு நீதிமன்றத்தில் மட்டும்" என்று எழுதியிருந்தாலும், தொழிலாளர் அலுவலரிடம் போவதை அது தடுக்காது.

கையெழுத்திடுமுன் பணம் வந்துவிட்டால்

அவகாசம் ஓடிக்கொண்டிருக்கும்போதே 2,30,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வந்துவிடுவது உண்டு. பலர் அதைப் பார்த்துப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். பிறகு, தொகையை வாங்கி வைத்துக்கொண்டார், எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை, ஆகவே ஒப்புக்கொண்டார் என்று வாதம் வரும். பணம் வந்த அன்றே எழுதுங்கள்: "இன்று என் கணக்கில் 2,30,000 ரூபாய் வரவாகியுள்ளது. இதை எனக்குச் சட்டப்படி சேர வேண்டிய தொகைகளுக்கு எதிரான வரவாக மட்டும், என் உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன். ஒப்பந்தத்தில் நான் கையெழுத்திடவில்லை." பணத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

கேட்ட நாள் வந்ததும்

ஜூன் 19 அன்று ஏதாவது ஒரு பதிலை அனுப்பியே ஆக வேண்டும். நீங்களே கேட்ட நாளைத் தாண்டவிட்டால் அதுவரை எழுதியதெல்லாம் இழுத்தடிப்பாகத் தோன்றும். ஏற்பதென்றால், கையெழுத்துக்கு முன் மூன்று மாற்றங்களைக் கேளுங்கள். பணிக்கொடையும் பி.எஃப்.உம் கைவிடும் பத்தியிலிருந்து வெளியே எடுக்கப்பட வேண்டும். தொகை எந்தத் தேதிக்குள் வரும் என்று எழுதப்பட வேண்டும். பணம் வந்த பிறகே கைவிடல் நடப்புக்கு வரும் என்ற வரி சேர்க்கப்பட வேண்டும். மூன்றாவதை நான் விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன். கைவிட்ட உரிமை இன்று போய், பணம் மூன்று மாதம் கழித்தும் வராமல் அலைந்தவர்கள் இருக்கிறார்கள். கூடுதல் தொகை கேட்பதற்கும் இதுதான் நேரம். செல்வியின் இடத்தில் இருப்பவர், சட்டப்படி வருவது போக கைவிடலுக்கென்று தனியாக எவ்வளவு என்று கேட்கலாம்.

ஏற்பதில்லை என்றால் ஒரே வரி போதும்: "இப்போதுள்ள வடிவில் கையெழுத்திட இயலவில்லை, சட்டப்படி சேர வேண்டியவற்றைத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." அதன்பின் மாவட்டத் தொழிலாளர் அலுவலரிடம் சமரச மனு. தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குப் பின் சமரச அலுவலர் அதை எடுத்துக்கொள்ள முடியாது. மனு கொடுத்து 45 நாளில் தீராவிட்டால், வேலை நீக்கத்தைப் பொறுத்தவரை தொழிலாளி தானே நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மனுவோடு ஒப்பந்த நகலையும், அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி இணைத்துக் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்காமல் அலுவலகத்தை விட்டுக் கிளம்ப வேண்டாம்.